டேக் உடைந்த நாளா, க்ளிக் நடந்த நாளா? ஸ்மார்ட் பிட்டிங்குக்கு டேட்டா எக்ஸ்க்ளூஷன் போடுவது, அறிகுறி வாரியாக

தளத்தில் கன்வர்ஷனைப் பதிவு செய்யும் டேக் செவ்வாய்க்கிழமை உடைந்தது, வியாழக்கிழமை சரியானது. உடனே கூகுள் ஆட்ஸுக்குள் போய், செவ்வாய் முதல் வியாழன் வரை டேட்டா எக்ஸ்க்ளூஷனும் போட்டாகிவிட்டது. அப்படியும் பிட் இறங்கிக்கொண்டே போகிறது. இந்தப் புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். எக்ஸ்க்ளூஷன் கேட்பது க்ளிக் நடந்த நேரத்தை. நாம் கொடுத்தது டேக் பேசாமல் இருந்த நேரத்தை. இரண்டும் ஒன்றல்ல.

பிட்டைத் தானாக முடிவு செய்யும் ஸ்மார்ட் பிட்டிங் ஒவ்வொரு க்ளிக்கையும் எடுத்து, அதிலிருந்து என்ன வந்தது என்று பார்த்துக் கற்றுக்கொள்கிறது. டேக் ஊமையாகிவிட்டால் அதன் கண்ணுக்குத் தெரிவது, “இத்தனை பேர் வந்தார்கள், யாரும் வாங்கவில்லை” என்பது மட்டும்தான். கோளாறு பக்கத்திலா, சந்தையிலா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரு கன்வர்ஷனுக்கு இவ்வளவு செலவு என்று இலக்கு வைக்கும் டார்கெட் சிபிஏவில் ஓடும் கேம்பெயின் பிட்டைக் குறைக்கும், இம்ப்ரெஷன் வற்றும். டேட்டா எக்ஸ்க்ளூஷன் செய்வது இவ்வளவுதான்: இன்ன நேரத்துக்குள் நடந்த க்ளிக்குகளை வைத்து எதையும் கற்காதே என்று பிட்டிங்கிடம் சொல்கிறது. அது டேக்கைச் சரிசெய்யாது, தொலைந்த கன்வர்ஷனை மீட்டுத் தராது, விளம்பரத்தையும் நிறுத்தாது.

## அறிகுறி: க்ளிக் வழக்கம்போல, கன்வர்ஷன் மட்டும் விழுந்துவிட்டது

முதலில் உண்மையிலேயே டிராக்கிங் உடைந்ததா என்று உறுதி செய்யுங்கள். கன்வர்ஷன் குறைந்த நாளையெல்லாம் மறைக்க ஆரம்பித்தால், மோசமான நாட்கள் எப்படி இருக்கும் என்பதே பிட்டிங்குக்குத் தெரியாமல் போய்விடும்.

சரிபார்க்க உங்கள் ஆர்டர் கணக்கு போதும். கூகுள் ஆட்ஸ் காட்டும் கன்வர்ஷனை, கடையின் மொத்த ஆர்டரோடு நாள்வாரியாக வகுத்துப் பாருங்கள். சாதாரண நாட்களில் 120 ஆர்டரில் 50 ஆட்ஸில் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 118 ஆர்டர் வந்து, ஆட்ஸில் 6 மட்டும் பதிவாகியிருந்தால் உடைந்தது டேக். ஆர்டரே 118-லிருந்து 60-க்கு இறங்கி, ஆட்ஸில் 25 பதிவாகியிருந்தால் விகிதம் மாறவில்லை. அங்கே டேக் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, விழுந்தது விற்பனை. அந்த நாளை மறைக்கக் கூடாது. தளமே சில மணி நேரம் படுத்துவிட்டது, யாராலும் வாங்க முடியவில்லை என்றால் அது வேறு. அந்த க்ளிக்குகளும் பிட்டிங்குக்குப் பொய்ப் பாடம்தான் சொல்லித்தரும், எனவே அவற்றையும் விலக்கலாம்.

இந்த ஒப்பீட்டுக்கு வழக்கமான `Conversions` பத்தியை எடுக்காதீர்கள். அது கன்வர்ஷனை க்ளிக் நடந்த நாளின் கணக்கில் சேர்க்கும். திங்கட்கிழமை க்ளிக் செய்தவர் புதன்கிழமை வாங்கினாலும் திங்கட்கிழமையில்தான் எண் ஏறும். அதனால் உடைப்பின் விளிம்பு மங்கலாகிவிடும். போதாததற்குக் கடைசிச் சில நாட்கள் எப்போதுமே மெலிந்து தெரியும். `Conversions (by conv. time)` என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டால், வாங்கிய நாளின் கணக்கில் எண் வரும். சுவர்போல ஒரு சரிவும், பிறகு சுவர்போல ஒரு ஏற்றமும் தெரிந்தால் அதுதான் உடைப்பின் தொடக்கமும் முடிவும்.

ஏபிஐ வழியாக எடுப்பவர்களுக்கு:

```
SELECT segments.date, campaign.name,
  metrics.conversions,
  metrics.conversions_by_conversion_date
FROM campaign
WHERE segments.date BETWEEN '2025-06-01' AND '2025-06-16'
```

நாள் கிடைத்துவிட்டது, இனி மணி வேண்டும். டேக் மேனேஜரின் `Versions` பக்கத்தில் எந்தப் பதிப்பு எப்போது வெளியானது என்று இருக்கும். உடைப்பு பெரும்பாலும் ஏதோ ஒரு வெளியீட்டின் நிமிடத்தோடு பொருந்தும்: நன்றிப் பக்கத்தின் முகவரி மாறியிருக்கும், ஒப்புதல் பேனர் புதிதாக வந்திருக்கும், செக்அவுட் பக்கம் திருப்பிவிடும்போது முகவரியிலிருந்த க்ளிக் அடையாளமான `gclid` உதிர்ந்திருக்கும். டேக் மேனேஜரில் ஒன்றும் இல்லையென்றால், தளத்தை நிர்வகிப்பவரிடம் அந்த நாளின் வெளியீட்டு நேரத்தைக் கேளுங்கள். ஆட்ஸ் கணக்கின் நேர மண்டலமும் சர்வரின் நேர மண்டலமும் ஒன்றுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். சர்வர் யுடிசியில் எழுதிக்கொண்டிருந்தால் பல மணி நேரம் தள்ளிப் போட்டுவிடுவீர்கள்.

## அறிகுறி: டேக் சரியாகிவிட்டது, எக்ஸ்க்ளூஷனும் போட்டாகிவிட்டது, ஆனால் பிட் ஏறவில்லை

தொடக்கத்தில் சொன்ன புகார் இதுதான். நேர வரம்பை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்.

ஒரு கடையின் டேக் ஜூன் 10, செவ்வாய் பிற்பகல் 2 மணிக்கு உடைந்தது. ஜூன் 12, வியாழன் காலை 11 மணிக்குச் சரியானது. மொத்தம் 45 மணி நேரம். இந்த 45 மணி நேரத்தில் யார் வாங்கியிருந்தாலும் பதிவாகவில்லை. அவர்கள் எப்போது க்ளிக் செய்தவர்கள் என்பதுதான் நமக்கு வேண்டும்.

அதற்கு க்ளிக்கிலிருந்து வாங்குவது வரை எத்தனை நாள் ஆகிறது என்று தெரிய வேண்டும். கேம்பெயின் அட்டவணையில் `Segment` → `Conversions` → `Days to conversion` என்று பிரித்துப் பாருங்கள். இங்கே ஒரு கவனம் தேவை. போன வாரத்தை எடுக்காதீர்கள். போன வார க்ளிக்குகளில் தாமதமாக வாங்கப்போகிறவர்கள் இன்னும் வாங்கவே இல்லை, அதனால் எல்லோரும் உடனே வாங்குவதுபோலத் தெரியும். உங்கள் கன்வர்ஷன் விண்டோ 30 நாள் என்றால், குறைந்தது 30 நாளுக்கு முன்பே முடிந்துபோன ஒரு மாதத்தை எடுங்கள். அந்த மாதத்தில் வேறு உடைப்பு இருந்திருக்கவும் கூடாது.

நம் உதாரணக் கடையில் கிடைத்தது இது. க்ளிக் செய்த முதல் நாளுக்குள் 70 சதவீதம் பேர் வாங்கிவிடுகிறார்கள். 2 நாள் முடிவில் 82, 3 நாள் முடிவில் 88, 4 நாள் முடிவில் 91, 5 நாள் முடிவில் 93. மீதி 30 நாள் வரை சொட்டுச் சொட்டாக வருகிறது.

இனி ஒவ்வொரு க்ளிக்கையும் நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: இந்த க்ளிக்கிலிருந்து பார்த்தால், உடைப்பு எத்தனையாவது மணியில் தொடங்கி எத்தனையாவது மணியில் முடிகிறது? அந்த இடைவெளியில் வழக்கமாக எத்தனை சதவீதம் பேர் வாங்குவார்களோ, அத்தனையும் தொலைந்தது.

திங்கள் பிற்பகல் 2 மணி க்ளிக்கை எடுத்துக்கொள்வோம். அதற்கு உடைப்பு சரியாக 24-வது மணியில் தொடங்கி 69-வது மணியில் முடிகிறது. 24 மணிக்குள் 70 சதவீதம் வாங்கியாயிற்று. 69 மணி என்பது 3 நாளுக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 87 சதவீதம். இடையில் தொலைந்தது 17. டேக் உடைவதற்கு ஒரு முழு நாள் முன்பு நடந்த க்ளிக். ஆனாலும் அதன் கன்வர்ஷனில் ஆறில் ஒன்று காணாமல் போய்விட்டது.

ஞாயிறு பிற்பகல் 2 மணி க்ளிக்குக்கு உடைப்பு 48-வது மணி முதல் 93-வது மணி வரை. 82-லிருந்து ஏறக்குறைய 91 வரை. தொலைந்தது 9. சனிக்கிழமை அதே நேரத்து க்ளிக்குக்கு 72 முதல் 117 மணி வரை. 88-லிருந்து 93-க்குச் சற்றுக் கீழே. தொலைந்தது 5.

செவ்வாய் காலைதான் பலரும் கோட்டைவிடும் இடம். பகல் 1 மணிக்கு க்ளிக் நடந்தபோது டேக் நன்றாக இருந்தது. ஆனால் வாங்குபவருக்குக் கிடைத்த ‘பதிவாகும் நேரம்’ ஒரே ஒரு மணி. முதல் மணி நேரத்தில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பது `Days to conversion` பிரிப்பில் தெரியாது, ‘ஒரு நாளுக்குள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கும். உங்கள் ஆர்டர் பதிவில் க்ளிக் நேரமும் இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். இந்தக் கடையில் அது 45 சதவீதம். 46-வது மணிக்குள் சுமார் 81 சதவீதம் வாங்கிவிடுவார்கள். ஆக, தொலைந்தது 36.

உடைப்புக்குள்ளேயே நடந்த க்ளிக்குகள்? செவ்வாய் 3 மணி க்ளிக்கில் 80 சதவீதம் தொலைந்தது. மீதி 20 சதவீதம் வியாழன் 11 மணிக்குப் பிறகு வாங்கியவர்கள், அவர்கள் பதிவாகிவிட்டார்கள். டேக் உடைந்திருந்த புதன்கிழமைக்கும் அறிக்கையில் கொஞ்சம் கன்வர்ஷன் இருப்பது இதனால்தான். ‘முழுசா உடையலையே’ என்று ஏமாந்துவிட வேண்டாம்.

இப்போது எல்லைக்கோட்டை எங்கே போடுவது? திங்கட்கிழமை க்ளிக்குகள், நேரத்தைப் பொறுத்து 12 முதல் 19 சதவீதம் வரை இழந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை க்ளிக்குகள் சராசரியாக 9. நாங்கள் போடுவது 10 சதவீதத்தை ஒட்டி: அதற்கு மேல் இழந்த நாளை விலக்குவது, கீழே உள்ளதை விட்டுவிடுவது. இது விதியல்ல, ஒரு பேரம். பின்னால் போகப் போக ஒவ்வொரு நாளிலும் சேதம் குறைகிறது. ஆனால் ஒரு நாளை விலக்கினால் அந்த நாளின் நல்ல பாடமும் சேர்ந்தே போகிறது. 9 சதவீதச் சேதத்துக்காக 91 சதவீத உண்மையை எறிய வேண்டியதில்லை.

ஆக இந்தக் கடைக்கு வரம்பு ஜூன் 9, திங்கள் நள்ளிரவு 00:00 முதல் ஜூன் 12, வியாழன் காலை 11:00 வரை. உடைப்பு 45 மணி நேரம். எக்ஸ்க்ளூஷன் 83 மணி நேரம். முடிவு நேரத்தை நீட்ட வேண்டியதில்லை. டேக் சரியான பிறகு நடந்த க்ளிக்கின் கன்வர்ஷன் எதுவும் தொலையாது.

தாமதம் அதிகமுள்ள தொழில்களில் இந்த இடைவெளி இன்னும் விரியும். க்ளிக் செய்தவர் ஒரு வாரம் யோசித்துப் படிவம் நிரப்புகிற சேவை என்றால், ஒரு நாள் உடைப்பின் சேதம் ஏழெட்டு நாளுக்கு மெலிதாகப் பரவிக் கிடக்கும். எந்த நாளும் தனியாகப் பார்த்தால் பெரிதாகப் பாதிக்கப்பட்டிருக்காது. அங்கே எக்ஸ்க்ளூஷனே போடாமல் விடுவதுகூடச் சரியான முடிவாக இருக்கலாம்.

## திரையில் எங்கே போடுவது

`Tools` → `Budgets and bidding` → `Adjustments` → `Data exclusions`. கூட்டல் குறியை அழுத்திப் பெயர், தொடக்க நேரம், முடிவு நேரம் கொடுங்கள். பெயரில் காரணத்தையும் எழுதிவிடுங்கள், “நன்றிப் பக்க முகவரி மாற்றம், ஜூன் 10–12” என்பதுபோல. ஆறு மாதம் கழித்து வேறொருவர் பார்க்கும்போது வெறும் ‘டெஸ்ட் 2’ என்று இருந்தால் அதைத் தொடவும் பயம், விடவும் பயம்.

எந்தக் கேம்பெயின்களுக்கு என்று கேட்கும். எல்லாம், குறிப்பிட்ட வகை மட்டும், தேர்ந்தெடுத்த கேம்பெயின் மட்டும் என்று மூன்று வழி உண்டு. உடைந்த டேக் எல்லாக் கேம்பெயினுக்கும் பொதுவானது என்றால் எல்லாவற்றுக்கும் போடுங்கள். விழுந்தது கண்ணுக்குத் தெரிகிற நான்கு கேம்பெயினுக்கு மட்டும் போட்டுவிட்டு, சிறிய கேம்பெயின்களை விட்டுவிடுவது பொதுவான தவறு. அவற்றிலும் அதே டேக்தான், அதே பொய்த் தகவல்தான். எண்ணிக்கை சிறியது என்பதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சாதனம் வாரியாகவும் பிரிக்கலாம். மொபைல் செக்அவுட் பக்கத்தில் மட்டும் டேக் உதிர்ந்தது, கணினியில் ஒழுங்காகப் பதிவானது என்றால் மொபைலை மட்டும் தேர்ந்தெடுங்கள். கணினியிலிருந்து வந்த நல்ல தகவலைச் சேர்த்து எறிய வேண்டியதில்லை.

ஒரு எக்ஸ்க்ளூஷனின் நீளம் 14 நாளைத் தாண்ட முடியாது. தொடக்கம் கடந்த காலத்தில் இருக்க வேண்டும், முடிவு எதிர்காலத்திலும் இருக்கலாம். அதாவது டேக் இன்னும் சரியாகவில்லை, இன்று மாலைதான் ஆகும் என்றால் காத்திருக்க வேண்டாம்; முடிவை இன்று இரவு என்று வைத்து இப்போதே போட்டுவிட்டு, சரியான பிறகு நேரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் பிட்டிங் அந்தப் பொய்த் தகவலை நம்பிக்கொண்டிருக்கும் நாள்.

ஏற்கெனவே என்னென்ன போட்டிருக்கிறது என்று பார்க்க:

```
SELECT bidding_data_exclusion.name,
  bidding_data_exclusion.scope,
  bidding_data_exclusion.start_date_time,
  bidding_data_exclusion.end_date_time,
  bidding_data_exclusion.status
FROM bidding_data_exclusion
```

## அறிகுறி: எக்ஸ்க்ளூஷன் போட்டும் அறிக்கையில் எண் மாறவில்லை

மாறாது. அந்த நாட்களின் க்ளிக், செலவு, கன்வர்ஷன் எல்லாம் அறிக்கையில் அப்படியே இருக்கும். மறைவது பிட்டிங்கின் பார்வையிலிருந்து மட்டும். மாதாந்திர அறிக்கையில் அந்த மூன்று நாளின் சிபிஏ பயங்கரமாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். அந்தக் கெட்ட சராசரியைப் பார்த்துவிட்டு யாராவது கையால் டார்கெட்டை மாற்றினால், எக்ஸ்க்ளூஷன் போட்ட பலன் அதிலேயே போய்விடும்.

## அறிகுறி: உடைந்த மறுநாளே இம்ப்ரெஷன் பாதியாகிவிட்டது

பிட்டிங் ஏற்கெனவே பாடம் கற்றுவிட்டது என்று பொருள். இங்கே கை துறுதுறுக்கும். டார்கெட் சிபிஏவைக் கொஞ்சம் உயர்த்தி இம்ப்ரெஷனை மீட்கலாமே என்று தோன்றும். உயர்த்தாதீர்கள். எக்ஸ்க்ளூஷன் வேலை செய்ய ஆரம்பித்ததும் பிட் தானாக ஏறும். நீங்கள் உயர்த்திய டார்கெட்டும் சேர்ந்துகொண்டால் தேவைக்கு மேல் ஏறிவிடும். சீசனாலிட்டி அட்ஜஸ்ட்மென்ட் போட்டு ஈடுகட்டுவதும் இதே ரகம். அது, வரப்போகும் சில நாட்களில் கன்வர்ஷன் விகிதம் உண்மையிலேயே மாறப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி. நடந்து முடிந்த கோளாறுக்கு அதில் மருந்து இல்லை.

எக்ஸ்க்ளூஷனைவிட நல்ல மருந்து ஒன்று சில கணக்குகளில் கைவசம் இருக்கும். ஆர்டரோடு `gclid`-ஐயும் சேமித்துவைத்திருக்கிறீர்களா? அப்படியானால் தொலைந்த கன்வர்ஷன்களையே ஆஃப்லைன் இறக்குமதியாக ஏற்றலாம். க்ளிக் நடந்து 90 நாளுக்குள் ஏற்ற வேண்டும். தளத்தின் டேக் பதிவு செய்யும் கன்வர்ஷன் ஆக்‌ஷனில் இவற்றை வழக்கமாக ஏற்ற முடியாது. இறக்குமதிக்கென்று தனி ஆக்‌ஷன் உருவாக்கி, அதை, பிட்டிங் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பிரைமரியாக வைக்க வேண்டும். உடைப்பு நேரத்திலும் தப்பித்தவறிப் பதிவான ஆர்டர்களை முதலில் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை இரட்டிப்பாகும்.

பெரும்பகுதியை இப்படி மீட்டுவிட்டால் எக்ஸ்க்ளூஷன் போடாதீர்கள். மீட்டது அந்த நாட்களின் க்ளிக்குகளோடுதான் ஒட்டும். அந்த க்ளிக்குகளையே மறைத்துவிட்டால் மீட்ட வேலை அத்தனையும் வீண். ஆர்டர்களில் பாதிக்குத்தான் `gclid` இருக்கிறது என்றால் நிலைமை நேர்மாறு. பாதி மீட்டாலும் பிட்டிங் கண்ணுக்கு அது பாதி விகிதம்தான், எனவே எக்ஸ்க்ளூஷனே மேல்.

## அறிகுறி: கன்வர்ஷன் திடீரென்று இரட்டிப்பு, சிபிசியும் ஏறுகிறது

உடைவது என்றால் குறைவது மட்டுமல்ல. கூடுவதும் உடைப்புதான், சொல்லப்போனால் அது இன்னும் ஆபத்து. குறைந்தால் யாராவது பதறிக் கேட்பார்கள். கூடினால் எல்லோரும் மகிழ்ந்து பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குள் பிட்டிங், இந்த க்ளிக்குகள் இரண்டு மடங்கு மதிப்புள்ளவை என்று நம்பிப் பணத்தைக் கொட்டியிருக்கும்.

அதே ஆர்டர் விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். வழக்கமாக 120-க்கு 50 என்றிருந்தது 120-க்கு 100 ஆகிவிட்டால், ஒன்று நன்றிப் பக்கத்தில் அதே டேக் இரண்டு முறை அமர்ந்திருக்கிறது, அல்லது ஒரே வாங்கலை இரண்டு கன்வர்ஷன் ஆக்‌ஷன்கள் எண்ணுகின்றன, இரண்டும் பிரைமரியாக இருக்கின்றன. கன்வர்ஷன் ஆக்‌ஷன் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். முதல் வகையை டேக்கில் `transaction_id` அனுப்பினாலே தவிர்க்கலாம், ஒரே ஆர்டர் எண் இரண்டாம் முறை வந்தால் எண்ணாது. இரண்டாம் வகைக்கு அது உதவாது, ஏனென்றால் அந்தச் சோதனை ஒரே ஆக்‌ஷனுக்குள்தான் நடக்கும். அங்கே ஒன்றை செகண்டரியாக மாற்றியாக வேண்டும்.

மாற்றியபின் பழைய நாட்களை என்ன செய்வது? ஆர்டர் எண்ணோடு பதிவானவை என்றால் தவறான கன்வர்ஷன்களைத் திரும்பப் பெறலாம். பதிவேற்றும் கோப்பில் `Order ID`, `Conversion Name`, `Adjustment Time`, `Adjustment Type` என்ற பத்திகளோடு, வகைக்கு `RETRACT` என்று கொடுக்க வேண்டும். கன்வர்ஷன் நடந்து 55 நாள் வரை இதற்கு நேரம் உண்டு. எண்ணிக்கை சரி, மதிப்பு மட்டும் தவறு என்றால், உதாரணமாகத் தசமப் புள்ளி தொலைந்து 49.90 என்பது 4990 ஆகப் போயிருந்தால், `RESTATE` கொடுத்துச் சரியான மதிப்பை எழுதலாம். செலவுக்கு ஏற்ற வருமானத்தை இலக்காக வைக்கும் டார்கெட் ரோயாஸில் ஓடும் கணக்குக்கு இந்த ஒரு தசமப் புள்ளியே பெரும் விபத்து. ஆர்டர் எண் இல்லாமல் பதிவாகியிருந்தால் இரண்டுமே முடியாது, அப்போது எக்ஸ்க்ளூஷன்தான் வழி. வரம்பைக் கணக்கிடுவது முன்பு பார்த்தது போலவேதான்: இரட்டிப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் க்ளிக்குகளின் தாமத வாங்கல்களும் இரட்டிப்பாகியிருக்கும்.

## அறிகுறி: எக்ஸ்க்ளூஷன் போட்ட பிறகுதான் ஆட்டம் அதிகமாகிவிட்டது

பெரும்பாலும் அளவு மீறியிருக்கும். ‘பாதுகாப்புக்கு’ என்று இரண்டு வாரத்தையும் மறைப்பவர்கள் உண்டு. வாரத்துக்கு 15 கன்வர்ஷன் மட்டும் வரும் கணக்கில் இரண்டு வாரத்தை மறைத்தால், அண்மைக் காலம் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. பழைய விலையையும் பழைய போட்டியையும் வைத்துப் பிட் போடும். இன்னொரு வகை, மாதம் இரண்டு மூன்று முறை சின்னச் சின்ன எக்ஸ்க்ளூஷன்களை ஒட்டிக்கொண்டே இருப்பது. டேக் அடிக்கடி உடைகிறது என்றால் மாற்ற வேண்டியது வெளியீட்டு முறையை. செக்அவுட் பக்கத்தைத் தொடும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பிறகு ஒரு சோதனை ஆர்டர் போட்டு, டேக் சுடுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

போட்டதை அவசரப்பட்டு நீக்காதீர்கள். டேக் சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று நினைத்து நீக்கினால், மறைந்திருந்த அந்த உடைந்த நாட்கள் மறுபடி பிட்டிங்கின் கண்ணில் பட்டுவிடும். தவறான வரம்பைப் போட்டிருந்தால் நேரத்தைத் திருத்துங்கள். சரியாகப் போட்டதை அப்படியே விட்டுவிடுங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று எப்போது பார்ப்பது? நம் உதாரணக் கடையில் 91 சதவீதம் பேர் 4 நாளில் வாங்கிவிடுகிறார்கள். ஆகவே டேக் சரியான வியாழக்கிழமை க்ளிக்குகளின் உண்மையான விகிதம் திங்கட்கிழமைக்கு மேல்தான் தெரியும். அதற்குள் தினமும் சிபிசியையும் இம்ப்ரெஷனையும் பார்த்துக் கவலைப்படலாம், ஆனால் எதையும் மாற்ற வேண்டாம். அந்த ஒரு சுற்று முடிந்தும் சிபிசி பழைய இடத்துக்கு வரவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள்: வரம்பின் தொடக்கம் க்ளிக் தேதியில் இருக்கிறதா அல்லது உடைப்புத் தேதியிலேயே நிற்கிறதா, எல்லாக் கேம்பெயினும் உள்ளே வந்ததா, ஆர்டர் விகிதம் உண்மையிலேயே 120-க்கு 50 என்ற பழைய அளவுக்குத் திரும்பியதா. மூன்றாவது திரும்பியிராவிட்டால், டேக் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.